வாடகை வீட்டில் சுவரைத் துளைக்காமல் இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட்டுக்குக் கேபிள் இழுப்பது: முழுமையான வழிகாட்டி

ஹாலில் ரவுட்டர், கடைசி அறையில் சிக்னல் இல்லை, சுவரில் ட்ரில் போடக் கூடாது. இந்த நிலையில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வழிதான்: தட்டைக் கேபிளைச் சுவரின் அடியோரமாக ஓட்டி, கதவு இடுக்கின் வழியே அறைக்குள் கொண்டுபோய், அங்கே வைஃபை பரப்பும் இரண்டாவது பெட்டியான ஆக்சஸ் பாயின்ட்டை வைப்பது.

இதில் தடுமாறிய பலருக்குக் கூட இருந்து உதவியிருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் இடறியது வேலையின் வரிசையில். கேபிளை முதலில் ஒட்டிவிட்டு, செட்டிங்கைக் கடைசியில் பார்ப்பார்கள். அப்புறம் வேகம் வராது. தப்பு கேபிளிலா, செட்டிங்கிலா என்று தெரியாது. ஒட்டியதைப் பிரித்தால் பெயின்ட் உரியும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒட்டும் வேலை கடைசிக்கு முந்தையது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் புதுச் சாதனம் வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய ரவுட்டர் போதும், அதன் போர்ட்டுகள் ஜிகாபிட் போர்ட்டுகளாக இருந்தால். 100 மெகாபிட் போர்ட் உள்ள பழைய ரவுட்டரில் எவ்வளவு நல்ல கேபிளைச் செருகினாலும் 100-ஐத் தாண்டாது. மாடல் விவரத்தில் இதை முதலில் பாருங்கள்.

கேபிள்: இரு முனையிலும் பிளக் பொருத்தி வரும் தட்டைக் கேபிள், கேட் 6 அல்லது கேட் 5இ. ஜிகாபிட் வேகத்துக்கு 100 மீட்டர் வரை கேட் 5இ போதும் என்பதால், வீட்டுக்குள் அதற்கு மேலான வகையைத் தேடிப் போக வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது வேறு: உள்ளே இருப்பது சுத்தச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று. அலுமினியக் கம்பி வளைத்து நிமிர்த்தும்போது எளிதில் முறியும். நம் கேபிளோ மூலைக்கு மூலை வளையப் போகிறது.

தட்டைக் கேபிளின் கம்பிகள் மெல்லியவை. கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பிஓஇ முறைக்கு இதை நான் பயன்படுத்த மாட்டேன். நீளம் கூடினால் மின்னழுத்தம் குறையும், கம்பியும் சூடாகும். ஆக்சஸ் பாயின்ட்டின் அடாப்டரை அந்த அறையிலேயே செருகிவிடுங்கள். அப்படியானால் அறையில் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்பதும் இடத்தைத் தீர்மானிக்கும்.

இவை தவிர ஒட்டும் கிளிப்புகள், துடைக்க ஆல்கஹால், ஒரு நூல்கண்டு, ஈதர்நெட் போர்ட் உள்ள இரண்டு கணினிகள். இரண்டாவது கணினியைச் சோதனை நாளன்று இரவல் வாங்கினாலும் போதும்.

## 2. ஆக்சஸ் பாயின்ட்டின் இடத்தை முடிவு செய்யுங்கள்

வயர்லெஸ் மெஷ் பழக்கத்தில், இரண்டாவது பெட்டியை நடுவழியில் வைப்பவர்கள் நிறையப் பேர். மெஷ் பெட்டிக்கு அது சரி, முதல் ரவுட்டரின் சிக்னல் அதற்குக் கிடைத்தாக வேண்டுமே. கேபிளில் வருவதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிக்னல் எந்த அறையில் வேண்டுமோ அந்த அறைக்குள்ளேயே வையுங்கள். நடுவில் வைத்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை மறுபடி ஒரு சுவரைத் தாண்ட வேண்டியிருக்கும். கேபிள் இழுத்ததன் பயன் பாதி போய்விடும்.

அறைக்குள் எந்த மூலை என்றால், கதவுக்கு அருகில் உள்ள பிளக் பாயின்ட்டை முதலில் பாருங்கள். அறைக்குள் மூன்று மீட்டர் குறைந்தால் ஒட்டும் வேலையும் அந்த அளவுக்குக் குறையும்.

## 3. பாதையை நூலால் அளங்கள்

தரைப் படத்தைப் பார்த்தோ, காலடி எண்ணியோ அளக்காதீர்கள். நூலைக் கேபிள் போகும் வழியிலேயே, ஒவ்வொரு மூலையிலும் அழுத்திப் பிடித்து ஓட்டுங்கள். ஏறி இறங்கும் இடங்கள்தான் கணக்கைக் கவிழ்க்கும்.

நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வாசலை ஒட்டி ரவுட்டர், கடைசிப் படுக்கையறையில் அவருடைய மேஜை. நடுவில் சமையலறை வாசல் குறுக்கே வந்தது. தரையோடு கணக்குப் போட்டால் 14.1 மீட்டர். 15 மீட்டர் கேபிள் வாங்கிவிட்டார். ஆனால் சமையலறை வாசலில் கேபிளைத் தரையில் குறுக்கே போட முடியாது. நாள் முழுக்க மிதிபடும், கால் தடுக்கும். நிலையின் ஓரமாக மேலே ஏறி, தலைக்கு மேல் குறுக்கே போய், மறுபக்கம் இறங்க வேண்டும். அந்தப் பாதை இப்படி ஆனது:

- ரவுட்டரிலிருந்து தரை வரை 1.2 மீட்டர்
- ஹால் சுவரோரம் 5.3 மீட்டர்
- சமையலறை நிலையைச் சுற்றி 2.1 + 0.9 + 2.1 = 5.1 மீட்டர்
- நடைவழி 2.4 மீட்டர்
- படுக்கையறைக் கதவடி 0.5 மீட்டர்
- அறைச் சுவரோரம் 3.0 மீட்டர், மேஜைக்கு ஏற 0.8 மீட்டர்

மொத்தம் 18.3. இரு முனையிலும் அரை மீட்டர் தளர்வு விட்டால் 19.3, ஆக 20 மீட்டர் கேபிள். ஒரே ஒரு வாசல் 4.2 மீட்டரைக் கூட்டிவிட்டது. அவர் 15 மீட்டர் கேபிளுடன் 5 மீட்டர் துண்டை ஒரு கப்ளரால் இணைத்து ஒட்டி முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். அந்த இணைப்பு என்ன செய்தது என்பதை 6-ஆம் படியில் பார்ப்போம்.

பாதையில் மின்சார எக்ஸ்டென்ஷன் வயர் இருந்தால், அதனுடன் சேர்த்துக் கட்டி ஓட்டாதீர்கள். கொஞ்சம் தள்ளி ஓட்டுங்கள். கடக்க வேண்டிய இடத்தில் நேர்குறுக்காகக் கடக்கட்டும். சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் மின்சாரக் குழாயில் நெட்வொர்க் கேபிளை நுழைப்பது கூடவே கூடாது. மின்கம்பியின் உறை எங்காவது உரிந்திருந்தால் மின்சாரம் உங்கள் ரவுட்டர் வரை வந்துவிடும்.

## 4. கதவு இடுக்கைச் சோதியுங்கள்

முழு வேலையிலும் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கேபிள் பின்னால் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இங்கேதான்.

கதவைச் சாத்துங்கள். வங்கி அட்டைகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கதவுக்கு அடியில் நுழைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்த்துங்கள். ஓர் அட்டை 0.76 மில்லிமீட்டர், நான்கு சேர்ந்தால் 3 மில்லிமீட்டர். உரசாமல் போனால், 2 மில்லிமீட்டர் கனத் தட்டைக் கேபிள் தாராளமாகப் போகும். எழுத்துகள் மேடாகப் பொறித்த அட்டை வேண்டாம், கணக்குத் தவறும். ஈரக் காலத்தில் மரக்கதவு உப்பும் என்பதால், இரண்டு அட்டை மட்டுமே போகிற இடுக்கை நான் நம்ப மாட்டேன்.

சாத்தியபடி மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். கதவைப் பாதி திறந்தும், முழுக்கத் திறந்தும் அதே அட்டைகளை வைத்துப் பாருங்கள். தரை சமமாக இல்லாத வீடுகளில் சாத்தும்போது இடுக்கு இருக்கும், பாதி திறந்ததும் தரையில் உரசும். கேபிள் வழியில் இருந்தால் ஒவ்வொரு முறையும் அறுபடும்.

எந்தப் பக்கமாக நுழைப்பது? கீல் பக்கம். அங்கே கதவின் அடிப்பாகம் குறைந்த தூரமே நகரும், காலும் அந்தப் பக்கம் படாது. ஆனால் நிலையை ஒட்டியே வைக்காதீர்கள். கதவின் கீல் விளிம்புக்கும் நிலைக்கும் நடுவில் உள்ள சந்து, கதவு திறந்து மூடும்போது கத்தரிபோல வேலை செய்யும். நிலையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, தரையோடு படிந்து, கதவுப் பலகைக்கு நேர் அடியில் கேபிள் போக வேண்டும்.

பிளக் இடுக்கில் நுழையுமா என்று கவலைப்பட வேண்டாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைக் கிடத்தப் போகிறோம். இடுக்கில் இருக்கப்போவது கேபிள் மட்டும்தான். ஏசி குழாய் போகும் துளை போல ஏற்கெனவே உள்ள ஓட்டை வழியாக நுழைப்பதென்றால்தான் பிளக்கின் அளவு பிரச்சினை. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் உயரம் அதற்கு வேண்டும். கொக்கியின் மேல் ரப்பர் உறை இருந்தால் இன்னும் கூடுதல்.

கதவு எங்கேயும் இடம் தரவில்லை என்றால், அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். கதவின் அடியைச் செதுக்குவது வீட்டுக்காரரின் பொருளில் கைவைப்பது. வேறு அறை வழியாகப் போக முடியுமா என்று நூலை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

## 5. இரண்டாவது ரவுட்டரை மேஜையில் வைத்தே தயார் செய்யுங்கள்

இதை முதல் ரவுட்டருடன் இணைக்காமல், ஒரு லேப்டாப்பை மட்டும் கேபிளில் செருகிச் செய்யுங்கள். பல ரவுட்டர்கள் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு வருகின்றன. முதலிலேயே இணைத்தால் இரண்டும் ஒரே முகவரியில் மோதும். எந்த ரவுட்டரின் பக்கம் திரையில் வருகிறது என்றே தெரியாது.

மெனுவில் `Access Point Mode` இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். இந்த முறையில் பெரும்பாலும் `WAN` போர்ட்டில்தான் கேபிளைச் செருகச் சொல்லும். மாறிய பிறகு பழைய முகவரியில் பக்கம் திறக்காது. பயப்பட வேண்டாம், முதல் ரவுட்டருடன் இணைத்ததும் அது இதற்குப் புது முகவரி கொடுக்கும். முதல் ரவுட்டரின் சாதனப் பட்டியலில் அதைப் பாருங்கள்.

அந்த மெனு இல்லாத பழைய ரவுட்டரில் கையால் செய்ய வேண்டியது மூன்று, இந்த வரிசையிலேயே. முதலில் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பாதுகாப்பு வகையும் முதல் ரவுட்டரில் உள்ளது போலவே வையுங்கள். அடுத்து, முதல் ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால், இரண்டாவதின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். அதன் பிறகு செட்டிங் பக்கத்தை இந்தப் புது முகவரியில்தான் திறக்க வேண்டும். முதல் ரவுட்டர் பிற சாதனங்களுக்கு வழங்கும் முகவரிகளின் கடைசி எண் 100-லிருந்து 199 வரை என்றால், 2 அதற்கு வெளியே பத்திரமாக இருக்கும். கடைசியாக, சாதனங்களுக்கு முகவரி வழங்கும் `DHCP Server` என்பதை அணையுங்கள். இதைக் கடைசியில் செய்வதற்குக் காரணம், அணைத்ததும் உங்கள் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆளில்லாமல் போகும். மற்ற செட்டிங்கை மாற்ற உள்ளே போக முடியாது.

இப்போது ஒரு சின்னக் கேபிளால் இரண்டையும் இணையுங்கள். `Access Point Mode` என்றால், முதல் ரவுட்டரின் `LAN` போர்ட்டிலிருந்து இரண்டாவதில் அது சொல்லும் போர்ட்டுக்கு. கையால் அமைத்தது என்றால், முதல் ரவுட்டரின் `LAN` போர்ட்டிலிருந்து இரண்டாவதின் `LAN` போர்ட்டுக்கு. அப்போது இரண்டாவதின் `WAN` போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

சரியாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ள முதல் ரவுட்டரின் வைஃபையைச் சில நிமிடம் அணைத்துவிட்டு, போனை இரண்டாவதில் இணையுங்கள். போனுக்குக் கிடைத்த முகவரி முதல் ரவுட்டரின் வரிசையில் இருக்க வேண்டும், கேட்வே 192.168.1.1 என்று காட்ட வேண்டும். வேறு வரிசையில், உதாரணமாக 192.168.0 என்று தொடங்கினால், இரண்டாவது ரவுட்டர் தனி நெட்வொர்க் நடத்துகிறது என்று அர்த்தம். இணையம் ஓடும் என்பதால் இதைப் பலர் கவனிக்க மாட்டார்கள். வாரக்கணக்கில் கழித்து, படுக்கையறையிலிருந்து ஹாலில் உள்ள பிரின்டர் கண்ணில் படவில்லை, டிவிக்கு வீடியோ அனுப்ப முடியவில்லை என்று தேடுவார்கள்.

## 6. கேபிளைத் தரையில் கிடத்திச் சோதியுங்கள்

கேபிளை முழுப் பாதையிலும், ஒட்டாமல், சும்மா கிடத்துங்கள். ஒரு முனையை முதல் ரவுட்டரிலும், மறுமுனையை நேராக லேப்டாப்பிலும் செருகுங்கள். ஆக்சஸ் பாயின்ட் இப்போது வேண்டாம். கேபிளை மட்டும் தனியாகச் சோதிக்கிறோம்.

முதல் கேள்வி, ஜிகாபிட்டில் இணைந்ததா? லினக்ஸில்:

```
ethtool eth0 | grep Speed
```

விண்டோஸ் பவர்ஷெல்லில்:

```
Get-NetAdapter
```

`eth0` என்பது உங்கள் கணினியில் வேறு பெயராக இருக்கலாம். விடை 1000 அல்லது 1 Gbps என்று வர வேண்டும். ரவுட்டர், லேப்டாப் இரண்டின் போர்ட்டும் ஜிகாபிட்டாக இருந்தும் 100 என்று வந்தால், கேபிளுக்குள் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளில் ஏதோ ஒன்று தொடர்பு இழந்திருக்கிறது. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். அதனால் மற்ற இரண்டு ஜோடிகளில் பழுது வந்தால், இணைப்பு முழுதாக அறுந்துபோகாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். நண்பரின் வீட்டில் கப்ளர் செய்தது இதைத்தான். அதைக் கழற்றி மறுபடி அழுத்தினால் 1000, நடைவழியில் கேபிள் லேசாக இழுபட்டால் 100. இடையில் இணைப்பு இல்லாத 20 மீட்டர் கேபிளுக்கு மாறினோம், தீர்ந்தது.

அடுத்து உண்மையான வேகம். இதை அளக்கும் `iperf3` நிரலை இரண்டு கணினிகளிலும் முதலில் நிறுவிக்கொள்ளுங்கள். இரண்டாவது கணினியை முதல் ரவுட்டரின் இன்னொரு `LAN` போர்ட்டில் செருகி, அதில்:

```
iperf3 -s
```

படுக்கையறை லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, அந்தக் கணினியின் முகவரியைக் கொடுத்து:

```
iperf3 -c 192.168.1.120 -t 60
```

நல்ல ஜிகாபிட் இணைப்பில் 940 மெகாபிட்டை ஒட்டி வரும். 94-ஐ ஒட்டி வந்தால் மேலே சொன்ன ஜோடிப் பிரச்சினைதான். இணைய வேகச் சோதனைத் தளத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்; உங்கள் இணையத் திட்டமே 100 மெகாபிட் என்றால் கேபிளில் உள்ள பழுது அதில் தெரியவே தெரியாது.

இப்போது கதவுச் சோதனை. இந்த அறுபது வினாடி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவரைக் கதவை இருபது முறை திறந்து மூடச் சொல்லுங்கள். திரையில் வினாடிக்கு ஒரு வரி வரும். எண் நிலையாக இருந்தால் கேபிள் நசுங்கவில்லை. கதவு மூடும் தருணத்தில் இரண்டு மூன்று வரிகள் பூஜ்யமாகி மறுபடி எழுந்தால், இணைப்பு அறுந்து திரும்பச் சேருகிறது. கேபிளை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி மறுபடி சோதியுங்கள். இந்த ஒரு சோதனையைத் தவிர்த்தவர்கள்தான் "ராத்திரி மட்டும் நெட் கட் ஆகிறது" என்பார்கள். ராத்திரிதான் அந்தக் கதவைச் சாத்துவார்கள்.

## 7. இப்போது ஒட்டுங்கள்

ஒட்டுவதற்கு மிகப் பத்திரமான இடம், சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் டைல் அல்லது பலகை. பெயின்ட் அடித்த சுவரில் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அலமாரிக்குப் பின்னால் ஒரு கிளிப்பை ஒட்டி இரண்டு நாள் விட்டு எடுத்துப் பாருங்கள். விரலால் தேய்த்தால் மாவாக வரும் பூச்சில் எதுவும் நிற்காது. அந்த இடங்களில் ஒட்டாமல், நிலையின் மரத்தைப் பயன்படுத்துங்கள்.

ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, ஒவ்வொரு கிளிப்பையும் அரை நிமிடம் அழுத்துங்கள். பசை பிடிக்க ஒரு நாள் விட்டு, மறுநாள் கேபிளை மாட்டுவது நல்லது. அன்றே மாட்டினால் கேபிளின் இழுவையிலேயே கிளிப் கழன்று வரும். நேரான இடத்தில் அரை மீட்டருக்கு ஒன்று, மூலையில் இரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டரில் ஒவ்வொன்று.

தட்டைக் கேபிள் ஒரு திசையில்தான் வளையும். சுவர் மூலையில் ரிப்பன் போல அழகாகத் திரும்பும். ஆனால் நிலையின் ஓரத்தில் தரையோரத்திலிருந்து மேல்நோக்கி, அதே சுவர்ப் பரப்பில் திரும்பும்போது முரண்டு பிடிக்கும். காகிதம் மடிப்பது போல முக்கோணமாக மடித்து அழுத்தத் தோன்றும். செய்யாதீர்கள், மடிப்பில் மெல்லிய கம்பி முறியும். விரல் ஒன்று உள்ளே நுழையும் அளவுக்குத் தளர்வாகச் சுருட்டித் திருப்புங்கள். கொஞ்சம் புடைத்துத் தெரியும், பரவாயில்லை.

கதவடியில் உள்ள துண்டைத் தரையோடு ஒட்டும் அகலமான துணி டேப்பால் முழுக்க மூடுங்கள். ஒட்டி முடித்ததும் 6-ஆம் படியின் சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள், கதவோடு சேர்த்து.

## 8. கடைசியாகச் சேனலும் சக்தியும்

ஆக்சஸ் பாயின்ட்டைச் செருகிய பிறகு, இரண்டும் ஒரே சேனலில் பேசாமல் பிரியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 6 அல்லது 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் அடிக்கடி நடக்கும் தப்பு, ஒன்றை 36-லும் மற்றதை 44-லும் வைத்துவிட்டுப் பிரித்துவிட்டதாக நினைப்பது. 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 36 முதல் 48 வரை ஒரே தொகுதி. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றுதான் நிற்கின்றன. மற்றதை 36–48 தொகுதிக்கு வெளியே, ரவுட்டர் அனுமதிக்கும் வேறு தொகுதிக்கு நகர்த்துங்கள்.

படுக்கையறைக்குள் வந்தும் போன் ஹால் ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருந்தால், எப்போது மாறுவது என்பதைப் போன்தான் தீர்மானிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஹால் ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சக்தியை நடுத்தரத்துக்குக் குறைத்தால், பழைய சிக்னல் சீக்கிரம் தேய்ந்து போன் தானாக விலகும்.

இரண்டு ரவுட்டருக்கும் நடுவில் ஒரே ஒரு கேபிள்தான் இருக்க வேண்டும். காலியாகக் கிடந்த இன்னொரு கேபிளையும் இரண்டிலும் செருகிவிட்டால் சுற்று உருவாகும். எல்லா போர்ட் விளக்குகளும் ஒரே வேகத்தில் ஓயாமல் மின்னும், வீடு முழுக்க நெட் நின்றுவிடும். அந்தக் கேபிளை உருவினால் சில நொடியில் சரியாகும்.

## 9. வீட்டைக் காலி செய்யும்போது

கிளிப்பைச் சுவரிலிருந்து நேராக வெளியே இழுக்காதீர்கள், பெயின்ட்டும் கூடவே வரும். முதலில் கேபிளைக் கழற்றுங்கள். முடி உலர்த்தியால் ஒவ்வொரு கிளிப்பையும் அரை நிமிடம் சூடாக்குங்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அதன் பின்னால் கொடுத்து, அறுப்பது போல மேலிருந்து கீழே கொண்டு வாருங்கள். மிச்சப் பசையை விரலால் உருட்டி எடுத்து, டைலில் மட்டும் ஆல்கஹாலால் துடையுங்கள். சில பெயின்ட்டுகள் ஆல்கஹாலில் கரையும்.

கேபிளைத் தளர்வான வளையமாகச் சுருட்டி, 20 மீட்டர் என்று ஒரு சீட்டு கட்டிவிடுங்கள். அடுத்த வீட்டில் மாட்டும் முன், கதவடியில் இருந்த துண்டை விரலால் தடவிப் பாருங்கள். உறையில் பள்ளமோ கீறலோ தட்டுப்பட்டால், 6-ஆம் படியின் சோதனையில் தேறிய பிறகே அதை எடுத்துப்போங்கள்.